தீபத்துக்கு முன் எட்டு வாரம்

2024-இல் ஐப்பசிப் பௌர்ணமி நவம்பர் 15-ஆம் தேதி வந்தது. மறுநாள், 16-ஆம் தேதி, கார்த்திகை பிறந்தது. அந்தப் பௌர்ணமி ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் திருவண்ணாமலை தீபம் நவம்பர் நடுவிலேயே ஏற்றப்பட்டிருக்கும். ஒரு நாள் முந்தியதால் அடுத்த பௌர்ணமிவரை காத்திருந்து டிசம்பர் 13-ஆம் தேதி தீபம் வந்தது. அகல் விளக்கு வாங்கி விற்பவருக்கு இது பஞ்சாங்கச் செய்தி மட்டும் அல்ல. எந்த வாரத்தில் எவ்வளவு சரக்கு கையில் இருக்கவேண்டும், சூளைக்காரரிடம் எப்போது ஆர்டர் சொல்லவேண்டும் என்ற கணக்கு முழுவதும் இதைச் சார்ந்தது.

விருத்தாசலத்துச் செராமிக் பட்டறைகளில் கார்த்திகைக்கான பீங்கான் அகல் விளக்குகளும் நவராத்திரிக்கான கொலு பொம்மைகளும் உருவாகின்றன. அங்கிருந்து மேற்கே போகும் சாலை, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை வேப்பூரில் தொடுகிறது. சுற்றுக் கிராமத்துக் கடைக்காரர்கள் வந்துபோகும் கூட்டுரோடு அது. அப்படி ஓர் ஊரில் அகல் விளக்கை மொத்தமாக வாங்கிச் சில்லறைக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு வியாபாரியை நாம் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அவருடைய எண்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொள்பவை. தேதிகள் மட்டும் நிஜமானவை.

அவருடைய சரக்கின் அளவு பெட்டி. ஒரு பெட்டிக்கு நூறு விளக்கு. சாதாரண நாளில் வாரத்துக்குப் பத்துப் பெட்டி போகிறது. சில வாரம் ஏழு, சில வாரம் பதின்மூன்று. இந்த ஏற்ற இறக்கத்தின் அளவைப் புள்ளியியலில் திட்ட விலக்கம் என்பார்கள். இவருக்கு அது மூன்று பெட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் சொன்னால் சரக்கு வந்து இறங்க இரண்டு வாரம் ஆகும்.

இருப்பு எவ்வளவாகக் குறையும்போது அடுத்த ஆர்டரைச் சொல்வது என்பதுதான் மறுஆர்டர் மட்டம். சரக்கு வந்து சேரும்வரை விற்கப்போகும் அளவு, அதோடு எதிர்பாராமல் கூடுதலாகப் போகக்கூடிய அளவு, இவற்றின் கூட்டுத்தொகை அது. இரண்டு வாரத்துக்கு இருபது பெட்டி. இரண்டாவது பகுதிக்குப் பாதுகாப்பு இருப்பு என்று பெயர். நூற்றுக்கு 95 தடவையாவது சரக்கு தீர்ந்துபோகாமல் இருக்கவேண்டும் என்றால் திட்ட விலக்கத்தை 1.65 ஆல் பெருக்கவேண்டும், அதை இரண்டு வாரத்துக்கு விரிக்க √2 ஆல் பெருக்கவேண்டும். 1.65 × 3 × 1.41, ஏறக்குறைய ஏழு. ஆக மட்டம் 27 பெட்டி. இரண்டு வாரத்துக்கு ஏன் இரண்டால் பெருக்கவில்லை என்று கேட்கலாம். ஒரு வாரம் அதிகமாகப் போனால் அடுத்த வாரமும் அதிகமாகவே போகும் என்ற கட்டாயம் இல்லை. கூடுதலும் குறைவும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். அதனால்தான் வர்க்கமூலம்.

இந்தக் கணக்குக்கு வயது நூறைத் தாண்டுகிறது. ஒரு தடவைக்கு எவ்வளவு தயாரிப்பது லாபம் என்ற கேள்விக்கு ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1913-இல் சூத்திரம் எழுதினார். எப்போது ஆர்டர் சொல்வது என்பதை ஆர். எச். வில்சன் 1934-இல் ஒழுங்குபடுத்தினார். ஹாரிஸின் சூத்திரத்தில் விற்பனை ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் போகிறது. தொழிற்சாலையில் திருகாணி வாங்குவதற்கு அது பொருந்தும். அகல் விளக்குக்குப் பொருந்தாது.

நம் வியாபாரியின் தீபக் காலத்து விற்பனை இப்படி: தீபத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது வாரத்துக்கு 12 பெட்டி, பிறகு 20, 30, 50, 90, கடைசி வாரத்தில் 160. அந்த ஆறு வாரத்தில் மட்டும் 362 பெட்டி. மீதி 46 வாரத்தில் 460.

இந்த ஆண்டுக் கணக்கை அப்படியே கணினி மென்பொருளில் கொடுத்து, மட்டத்தை நீயே போட்டுக்கொள் என்று விட்டால் என்ன ஆகும்? 52 வாரச் சராசரி ஏறக்குறைய 16 பெட்டி. திட்ட விலக்கமோ 24-க்குத் தாவிவிடும், ஏனென்றால் கடைசி வாரத்து 160 பெட்டியையும் அது தற்செயலான ஏற்ற இறக்கம் என்றே எடுத்துக்கொள்கிறது. பாதுகாப்பு இருப்பு 56, மட்டம் 88 என்று விடை வரும். சித்திரையில் 27 பெட்டி போதுமான இடத்தில் 88 பெட்டி கிடங்கில் கிடக்கும். ஏறக்குறைய ஒன்பது வாரச் சரக்குப் பணம் முடங்கிப்போகும். கார்த்திகையிலோ, கடைசி இரண்டு வாரத்துக்கு மட்டும் 250 பெட்டி வேண்டியிருக்க, 88-இல் விழித்துக்கொள்ளும். வருஷம் முழுக்க அதிகம், வேண்டிய நாளில் குறைவு.

இந்தத் தவறின் வேர், தெரிந்த ஏற்றத்தையும் தெரியாத ஏற்றத்தையும் ஒன்றாகக் கலந்தது. தீபத்துக்கு விற்பனை கூடும் என்பது தெரிந்த செய்தி. அது மதிப்பீட்டுக்குள் போகவேண்டும். மதிப்பீட்டிலிருந்து உண்மை விற்பனை எவ்வளவு விலகுகிறதோ அந்த விலகலுக்கு மட்டும்தான் பாதுகாப்பு இருப்பு. இருப்புக் கணக்கை மதிப்பீட்டுப் பிழையின் மேல் நிறுத்தவேண்டும் என்பதை ராபர்ட் ஜி. பிரவுன் 1950-களில் விரிவாக எழுதினார். அவருடைய எளிய வழி இன்றும் நோட்டுப் புத்தகத்தில் போட உதவும். மதிப்பீட்டுக்கும் விற்பனைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூடுதல் குறைவு பாராமல் எழுதிச் சராசரி எடுத்து 1.25 ஆல் பெருக்கினால் திட்ட விலக்கத்துக்கு அருகில் வந்துவிடும்.

அப்படியானால் மாதவாரியாக மதிப்பிடலாமா? போன ஆண்டு நவம்பரில் போனதுபோல இந்த ஆண்டு நவம்பரில் என்று பெரும்பாலானவர்கள் செய்வது அதைத்தான். மென்பொருள்களிலும் பருவ மாற்றம் என்றால் பெரும்பாலும் ஆங்கில மாதம்தான். 2023-இல் தீபம் நவம்பர் 26-ஆம் தேதி. கடைசி நான்கு வாரமும், 330 பெட்டியும், ஏறக்குறைய முழுவதுமாக நவம்பருக்குள் விழுந்தன. அதை வைத்து 2024 நவம்பருக்கு 330 பெட்டி எதிர்பார்த்தால், அந்த ஆண்டு தீபம் டிசம்பர் 13 என்பதால் நவம்பருக்குள் வருவது ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாவது வாரம் வரை மட்டுமே: 12, 20, 30, 50, மொத்தம் 112. டிசம்பருக்கோ மென்பொருள் நாற்பது பெட்டி என்று சாதாரண எண்ணைச் சொல்லும். உண்மையில் தேவைப்பட்டது 250-க்கு மேல். நவம்பரில் மும்மடங்கு சரக்கைப் பார்த்து மிரண்ட வியாபாரி டிசம்பர் ஆர்டரை வெட்டவும் செய்வார். அப்போது இரண்டு தவறும் சேர்ந்து அடிக்கும்.

எனவே வாரங்களைத் தேதியிலிருந்து எண்ணாமல் தீபத்திலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும். தீப நாளோடு முடியும் ஏழு நாள் முதல் வாரம். அதற்கு முந்தையது இரண்டாம் வாரம். பழைய நோட்டுகளை இந்த வரிசையில் மாற்றி எழுதினால், வெவ்வேறு ஆண்டுகளின் விற்பனை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி நிற்பதைக் காணலாம். மொத்த அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும் ஏற்றத்தின் வடிவம் அவ்வளவாக மாறாது. வேப்பூர் ஆட்டுச் சந்தைக்கு வருகிற வியாபாரிகள் இதை எழுதாமலே செய்கிறார்கள். பக்ரீத் ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னே வரும். அதற்கு ஏற்பத்தான் அவர்களும் ஆட்டைப் பிடிக்கிறார்கள்.

தீபாவளியும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. தீபாவளிக்கும் தீபத்துக்கும் உள்ள இடைவெளியை வரிசையாகப் பாருங்கள். 2019-இல் தீபாவளி அக்டோபர் 27, தீபம் டிசம்பர் 10, இடையில் 44 நாள். 2020-இல் நவம்பர் 14, நவம்பர் 29, வெறும் 15 நாள். 2021-இலும் 15 நாள். 2022-இல் 43. 2023-இல் 14. 2024-இல் 43. இருபது, முப்பது என்று நடுவில் எதுவும் இல்லை. ஒன்று இரண்டு வாரம், இல்லையென்றால் ஆறு வாரம்.

காரணம் எளிது. தீபாவளி ஐப்பசி அமாவாசையை ஒட்டியது. தீபம் சூரியன் கணக்கிலான கார்த்திகை மாதத்துக்குள், பௌர்ணமியை ஒட்டிய கிருத்திகை நட்சத்திரத்தில் வருவது. கார்த்திகை நவம்பர் 16 அல்லது 17-இல் பிறக்கிறது. தீபாவளிக்கு அடுத்த பௌர்ணமி அதற்குப்பின் வந்தால் தீபம் பதினைந்து நாளில் வந்துவிடும். அதற்கு முன்பே வந்துவிட்டால் இன்னும் ஒரு சந்திர மாதம் காத்திருக்கவேண்டும். 2024-இல் நடந்தது அதுதான். தோராயமாக, தீபாவளி நவம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வந்தால் குறுகிய இடைவெளி ஆண்டு. அக்டோபரில் வந்தால் நீண்ட இடைவெளி ஆண்டு. 2026-இல் தீபாவளி நவம்பர் 8 என்பதால் அது குறுகிய ஆண்டு.

நோட்டைப் புரட்டும்போது போன ஆண்டோடு இந்த ஆண்டை ஒப்பிடாமல், குறுகிய ஆண்டைக் குறுகிய ஆண்டோடும் நீண்ட ஆண்டை நீண்ட ஆண்டோடும் ஒப்பிடவேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். குறுகிய ஆண்டில் தீபாவளிக்கு வாங்கிய விளக்கையே பலர் தீபத்துக்கும் வைத்துக்கொள்ளக்கூடும். சூளையிலும் இரண்டு பண்டிகை ஆர்டரும் ஒன்றின்மேல் ஒன்று விழும்.

சூளையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது, ஏனென்றால் மட்டத்தின் இன்னொரு பாதி அங்கே இருக்கிறது. தீபம் வருவது வடகிழக்குப் பருவமழையின் நடுவில். அச்சில் அழுத்தியெடுத்த பச்சை விளக்கு சூளைக்குப் போகுமுன் உலரவேண்டும். ஈரக்காற்றில் அது மெதுவாகத்தான் உலரும். அவசரப்பட்டு ஈரத்தோடு அடுக்கினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழியின்றி விளக்கை விரிசல்விடச் செய்யும், சில சமயம் உடைக்கும். பாரிஸ் சாந்து அச்சுகளின் நிலையும் அதே. மண்ணின் நீரை உறிஞ்சிக்கொள்வதுதான் அவற்றின் வேலை. மழைநாளில் அச்சே ஈரமாக இருந்தால் உறிஞ்சும் வேகம் குறைந்து, ஒரு நாளில் எடுக்கும் எண்ணிக்கையும் குறையும். ஆகவே பட்டறைக்காரர் சித்திரையில் இரண்டு வாரத்தில் தருவதை ஐப்பசியில் மூன்று வாரத்தில் தந்தாலே நல்ல வேகம். அடைமழை பிடித்தால் நான்கு வாரம்.

மதிப்பீட்டுப் பிழையைவிட இந்தத் தாமதம் பெரிய ஆபத்து. கடைசி ஆர்டர் ஒரு வாரம் தாமதமானால் விற்பனை நூற்றுக்குப் பத்து இருபது குறையும் என்று நினைக்கவேண்டாம். கடைசி வாரத்து 160 பெட்டியும் மொத்தமாகப் போய்விடும். தீபத்துக்கு மறுநாள் வந்து இறங்கும் லோடு எவ்வளவு தரமாக இருந்தும் பயனில்லை. அதனால் இந்தக் காலத்தில் பாதுகாப்பைப் பெட்டியாகச் சேர்ப்பதைவிட நாளாகச் சேர்ப்பது சரி. மூன்று வாரத்தில் வரும் சரக்கை நான்கு வாரத்தில் வரும் என்று வைத்துக் கணக்குப் போடவேண்டும்.

போட்டுப் பார்ப்போம். எட்டாம் வாரத் தொடக்கத்தில், அடுத்த நான்கு வார விற்பனை 10, 10, 12, 20. மட்டம் 52. ஏழாம் வாரத் தொடக்கத்தில் 72. ஆறாம் வாரத்தில் 112. ஐந்தாம் வாரத்தில் 20, 30, 50, 90 சேர்ந்து 190. மட்டம் வாரத்துக்கு வாரம் ஏறுகிறது. இதன்மேல் விற்பனைப் பிழைக்குத் தனியாக இன்னும் கூட்டவேண்டுமா? மதிப்பீடு வழக்கமாக 20 சதவிகிதம் விலகும் என்று கொண்டால், ஐந்தாம் வாரத்தில் மூன்று வார விற்பனையான 100 பெட்டிக்கு 95 சதவிகிதப் பாதுகாப்பு 33 பெட்டிதான். நாம் சேர்த்த ஒரு வாரம் ஏற்கெனவே 90 பெட்டியைத் தந்துவிட்டது. விற்பனை ஏறிக்கொண்டே போகும்வரை அந்த ஒரு வாரம் இரண்டு ஆபத்தையும் சுமக்கும். இரண்டையும் முழுதாகக் கூட்டினால் வீணாகப் பணம் முடங்கும்.

இந்த ஏற்றம் ஐந்தாம் வாரத்தில் திடீரென்று முடிகிறது. நான்காம் வாரத்தில் சொல்லும் ஆர்டர் நான்கு வாரத்தில் வந்தால் தீபத்துக்குத் தப்பிவிடும். எனவே ஐந்தாம் வாரத் தொடக்கமே கடைசி ஆர்டருக்கான நாள். அதன்பின் மட்டம் என்ற முறையையே நிறுத்திவைக்கவேண்டும். கடைகளில் அடிக்கடி நடக்கும் தவறு இங்கேதான். இரண்டாம் வாரத்தில் இருப்பு சரசரவென்று இறங்குவதைப் பார்த்து மென்பொருள் புது ஆர்டரை எழுப்பும், அந்தச் சரக்கு மார்கழியில் வந்து இறங்கும். தை மாதத்தில் கிடங்கு நிரம்பியிருந்தால், தீபத்துக்கு முந்தைய மூன்று வாரத்தில் யார் ஆர்டர் போட்டது என்று பார்த்தாலே காரணம் தெரியும்.

கடைசி ஆர்டரின் அளவை எப்படி முடிவுசெய்வது? மறுபடி வாங்க வாய்ப்பில்லை என்பதால் கேள்வி மாறுகிறது. ஒரு பெட்டி பற்றாமல் போனால் எவ்வளவு நஷ்டம், ஒரு பெட்டி மிஞ்சினால் எவ்வளவு நஷ்டம், இந்த இரண்டையும் நிறுத்துப் பார்க்கவேண்டும். பற்றாத நஷ்டத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், எத்தனை சதவிகித வாய்ப்புக்குத் தயாராக இருக்கவேண்டும் என்பது கிடைக்கும். தினசரி நாளிதழை எத்தனை பிரதி வாங்கி விற்பது என்ற கேள்வியோடு இந்தக் கணக்கு பாடநூல்களில் பேசப்படும்.

சாதா அகலை முதலில் எடுப்போம். ஒரு பெட்டிக்கு லாபம் 100 ரூபாய். மிஞ்சினால் மார்கழிக் கோலத்துக்கும் கோயில் வேண்டுதலுக்கும் போய்விடும். வட்டி, இடம், உடைப்பு எல்லாம் சேர்த்து 10 ரூபாய் என்று வைப்போம். 100-ஐ 110-ஆல் வகுத்தால் 91 சதவிகிதம். இதற்கான பெருக்கெண் 1.34. ஐந்து வாரத்துக்கும் மொத்த மதிப்பீடு 350 பெட்டி, விலகல் 20 சதவிகிதம், அதாவது 70. அதை 1.34 ஆல் பெருக்க 94. மொத்தம் 444 பெட்டி வேண்டும். கையிருப்பு 180 என்றால் 264 பெட்டிக்கு ஆர்டர்.

அதே எண்ணிக்கையில் வண்ணம் தீட்டிய அடுக்கு விளக்கு விற்பதாக இருந்தால் கதை வேறு. லாபம் அதே 100 ரூபாய்தான். மிஞ்சினால் அடுத்த கார்த்திகை வரை கிடக்கும், வண்ணம் மங்கும், அடுத்த ஆண்டு புது மாதிரி வந்துவிடும். மிஞ்சிய பெட்டிக்கு 60 ரூபாய் நஷ்டம் என்றால் விடை 62.5 சதவிகிதம், பெருக்கெண் 0.32. மதிப்பீட்டுக்கு மேல் 22 பெட்டி மட்டும் போதும். ஒரே விற்பனை, ஒரே பிழை, ஆனால் கூடுதல் சரக்கு 94-க்குப் பதில் 22. எல்லாப் பொருளுக்கும் 95 சதவிகிதம் என்று ஒரே விதி வைத்துக்கொள்வது எவ்வளவு தவறு என்பதை இந்த இரண்டு விளக்கும் காட்டிவிடுகின்றன. கொலு பொம்மைக்கும் இதே வழிதான், அதன் எண்கள் வண்ண விளக்கின் பக்கம் சாயும்.

இப்போது தேதியைப் பொருத்துங்கள். 2024-இல் ஐந்தாம் வாரம் நவம்பர் 9-ஆம் தேதி தொடங்கியது. தீபாவளி முடிந்து ஒன்பது நாள். பட்டாசும் துணியும் விற்ற பணம் சில்லறைக் கடைகளிலிருந்து திரும்பிவரும் நேரம். 2023-இல் அதே வாரம் அக்டோபர் 23-இல் தொடங்கியது. தீபாவளிக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. கடைக்காரரின் பணமெல்லாம் தீபாவளிச் சரக்கில் முடங்கியிருக்கும் நேரத்தில், 264 பெட்டி விளக்குக்கு முன்பணம் கொடுக்கவேண்டும். குறுகிய ஆண்டில் தீப விளக்கு பற்றாமல் போவதற்கு மதிப்பீடு தவறுவது மட்டும் காரணம் அல்ல. எண் சரியாகத் தெரிந்திருந்தும், தீபாவளி முடியட்டும் என்று ஆர்டரைத் தள்ளிப்போட்டிருக்கலாம். நவம்பர் 13-இல் சொன்ன ஆர்டர் மூன்று வாரத்தில் வந்தால்கூட டிசம்பர் 4. அதற்குள் தீபம் முடிந்து எட்டு நாள் ஆகியிருக்கும். இந்த ஆண்டுகளுக்கான பணத்தை ஆடியிலேயே ஒதுக்குவதோ, மழைக்கு முன் ஆவணி புரட்டாசியில் பாதிச் சரக்கை இறக்கிக்கொள்வதோதான் வழி. பீங்கான் கெட்டுப்போவதில்லை. உலர்ந்த இடமும் உடையாத அடுக்கும் இருந்தால் போதும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, பழைய நோட்டைப் பற்றி. அதில் இருப்பது விற்ற கணக்கு, கேட்ட கணக்கு இல்லை. போன ஆண்டு முதல் வாரத்தில் 80 பெட்டி என்று எழுதியிருந்தால், உண்மையிலேயே 80 தான் கேட்டார்களா, அல்லது சரக்கு தீர்ந்ததால் 80-இல் நின்றதா? நோட்டுக்குத் தெரியாது. அந்த 80-ஐ மதிப்பீட்டுக்கு எடுத்தால் இந்த ஆண்டும் 80-க்கு ஏற்பவே வாங்குவோம், மறுபடி தீரும், மறுபடி 80 என்று எழுதுவோம். ஒவ்வோர் ஆண்டும் மதிப்பீடு அச்சொட்டாகப் பலிப்பதுபோலத் தெரியும். மதிப்பீட்டுப் பிழை திடீரென்று மிகச் சிறியதாகிவிட்டால் அதைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

திருத்த வழி உண்டு. சரக்கு தீர்ந்த நாளையும் நேரத்தையும் நோட்டின் ஓரத்தில் எழுதிவைக்கவேண்டும். சரக்கு தீராத ஓர் ஆண்டில் முதல் வாரத்தின் விற்பனை நாள்வாரியாக எப்படிப் போனது என்று பார்க்கவேண்டும். கடைசி இரண்டு நாளில்தான் வாரத்தின் பாதி விற்றது என்றால், தீபத்துக்கு இரண்டு நாள் முன்பு 80-இல் தீர்ந்த ஆண்டின் உண்மைத் தேவை 160. தீர்ந்தபின் வந்து கேட்டுத் திரும்பிய கடைக்காரர்களின் பெயரையும் பெட்டி எண்ணிக்கையையும் எழுதிவைத்தால் இன்னும் நல்லது, ஆனால் அதை அப்படியே கூட்டிவிடக்கூடாது. ஒரே ஆள் மூன்று மொத்தக் கடையில் அதே இருபது பெட்டியைக் கேட்டிருப்பார்.